சனிக்கிழமை மாலையில் எத்தனை சப்ளையர் வேண்டும்? மணிவாரியாக வரும் கூட்டத்துக்கு ஆள் வைக்கும் கணக்கு

நேருவீதி_சைவம் எழுதியது:

வணக்கம். புதுச்சேரி நேரு வீதிக்குப் பக்கத்துத் தெருவில் சைவ உணவகம் நடத்துகிறேன். நான்கு பேர் அமரும் மேசைகள் பதினெட்டு உள்ளன. சனிக்கிழமை மாலைதான் எனக்குத் தலைவலி. மாலை 4 மணியிலிருந்து ஆறு சப்ளையர்கள் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து பிரேக்கில் போன இருவர் இரவு 8 மணிக்குத் திரும்புகிறார்கள். ஆக 8 மணிக்குப் பிறகு எட்டுப் பேர். பில்லிங் இயந்திரத்தில் எட்டு முதல் பத்து மணி வரைதான் பில் அதிகமாக விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் இந்த நேரத்தை வைத்தேன்.

ஆனால் நடப்பது வேறாக இருக்கிறது. ஐந்தரை மணிக்கு மூன்று பேர் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். ஏழரை மணிக்கு ஆர்டர் எடுக்க ஆளில்லை என்று வாடிக்கையாளர்கள் கல்லாவுக்கே வந்து கேட்கிறார்கள். ஒன்பதே முக்காலுக்கு மறுபடியும் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். கடந்த எட்டுச் சனிக்கிழமைகளின் சராசரி பில் எண்ணிக்கை இது (பார்சல் நீங்கலாக):

மாலை 5–6: 10 பில்
6–7: 12 பில்
7–8: 19 பில்
8–9: 25 பில்
9–10: 24 பில்
10–11: 12 பில்

ஒரு பில்லுக்குச் சராசரியாக மூன்று பேர் என்று இரண்டு சனிக்கிழமைகள் கையால் எண்ணிப் பார்த்தேன். எத்தனை வாடிக்கையாளருக்கு ஒரு சப்ளையர் என்று கணக்குப் போடுவது முறை?

---

கணக்கு_நோட்டு எழுதியது:

ஐயா, இது எளிய வகுத்தல் கணக்குதான். ஆறு மணி நேரத்தில் 102 பில், அதாவது 306 பேர். மணிக்குச் சராசரி 51 பேர். ஒரு சப்ளையர் மணிக்கு 15 பேரைக் கவனிக்கலாம் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் போதும். உச்ச நேரமான 8 முதல் 9 வரை 75 பேர் என்பதால் அப்போது மட்டும் ஐந்து பேர் இருக்கட்டும். நீங்கள் எட்டுப் பேரை வைத்திருப்பது வீண் செலவு. கூட்டத்தை மணிவாரியாகப் பிரித்து, அதற்கு ஏற்ப ஆள் வைக்க வேண்டும் என்ற உங்கள் அடிப்படை சரியானதே. எண்ணிக்கையில்தான் பிழை இருக்கிறது.

---

பந்தி_அக்கா எழுதியது:

நான் கடலூரில் இருபது ஆண்டுகளாகக் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறேன். எங்கள் கணக்கில் நூறு இலைப் பந்திக்குப் பரிமாற எட்டு முதல் பத்துப் பேர் வேண்டும். தண்ணீருக்கு இருவர் தனி, இலை எடுக்க இருவர் தனி. உங்களிடம் 72 இருக்கை என்றால் ஏழு பேர் சரியாக இருக்கும். இதற்கு ஏன் மணிக்கணக்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இருக்கையை எண்ணுங்கள், ஆளை வையுங்கள்.

---

பழைய_கேப்டன் எழுதியது:

முப்பது ஆண்டுகள் உணவகங்களில் கேப்டனாகவும் சூப்பர்வைசராகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலாளி ஐயாவின் பட்டியலிலேயே விடை இருக்கிறது; ஆனால் அதை ஒரு இடத்தில் தவறாகப் படித்திருக்கிறார்.

அக்காவுக்கு முதலில் ஒரு சொல். பந்தியில் நூறு பேரும் ஒரே நேரத்தில் அமர்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே பதார்த்தம், ஆர்டர் எடுப்பதில்லை, பில் இல்லை, சில்லறை இல்லை. எத்தனை பேர் வருவார்கள் என்பதும் உங்களுக்கு முன்பே தெரியும். உணவகத்தில் மேசைகள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. ஒரு மேசையில் காபி குடிக்கும்போது இன்னொரு மேசையில் இப்போதுதான் தண்ணீர் வைக்கிறோம். ஆகவே இருக்கையை எண்ணி ஆள் வைத்தால் மாலை ஐந்து மணிக்கும் ஏழு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பில் என்பது வாடிக்கையாளர் எழுந்து போகும் நேரம். வந்து அமர்ந்த நேரம் அல்ல. உங்கள் இடத்தில் ஒரு குடும்பம் அமர்ந்ததிலிருந்து பில் வாங்கும் வரை நாற்பது நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு பில் வாங்கியவர் ஏழு இருபத்தைந்துக்கே உள்ளே வந்துவிட்டார். ஆர்டர் எடுக்கவும், தண்ணீர் வைக்கவும், தட்டுக் கொண்டுவரவும் சப்ளையர் தேவைப்பட்டது அப்போதுதான். நீங்களோ பில் பட்டியலைப் பார்த்து எட்டு மணிக்கு ஆளை வரச் சொல்கிறீர்கள். கூட்டம் உள்ளே வந்து நாற்பது நிமிடம் கழித்து உங்கள் ஆள் வருகிறார்.

அந்த நாற்பது நிமிடத்தைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். மாலை 7 முதல் 8 வரை வந்து அமர்ந்தவர்கள் 7.40 முதல் 8.40 வரை பில் வாங்கியவர்கள். அதாவது 7–8 பில்களில் மூன்றில் ஒரு பங்கும் 8–9 பில்களில் மூன்றில் இரண்டு பங்கும். 19இல் மூன்றில் ஒன்று ஆறு, 25இல் மூன்றில் இரண்டு பதினேழு. ஆக 23 குடும்பங்கள். இதே முறையில் எல்லா மணிக்கும் போட்டால், வந்து அமர்ந்த மேசைகளின் எண்ணிக்கை இப்படி மாறுகிறது: 5–6 மணிக்கு 11, 6–7 மணிக்கு 17, 7–8 மணிக்கு 23, 8–9 மணிக்கு 24, 9–10 மணிக்கு 16, பத்துக்கு மேல் 4.

ஏழு மணிக்கே உச்சம் தொடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவதால் குடும்பத்தோடு நடந்து பார்த்துவிட்டு, ஏழு ஏழேகால் அளவில் சாப்பாட்டுக்குத் திரும்பும் வெளியூர்க் கூட்டத்தை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள். பில் இயந்திரம் அவர்களைத் தாமதமாகத்தான் காட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 25, 24 என்று இரண்டு மணி நேரம் தட்டையாக நிற்கிறதே, அதைத் தேவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு மேசை, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம், துடைத்துத் தயாராக்க நான்கு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் 24 அல்லது 25 குடும்பங்களுக்கு மேல் உங்கள் கூடத்தில் அமரவே முடியாது. வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எந்த பில்லிலும் இல்லை.

---

கணக்கு_நோட்டு எழுதியது:

பில் நேரம் என்பது புறப்படும் நேரம் என்பதை நான் யோசிக்கவில்லை; ஒப்புக்கொள்கிறேன். அப்படியானாலும் 24 குடும்பம் என்றால் 72 பேர்தானே. மணிக்கு ஒருவருக்கு 15 பேர் என்ற என் கணக்குப்படி ஐந்து பேர் போதும். நேரத்தை மட்டும் முன்னால் நகர்த்தினால் ஆயிற்று. எட்டு எதற்கு?

---

பழைய_கேப்டன் எழுதியது:

தம்பி, அந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். டோக்கன் வாங்கி நின்று சாப்பிடும் கடையில் ஒருவர் மணிக்கு அறுபது பேரைக்கூடச் சமாளிப்பார். துணி விரித்த மேசை வைத்த இடத்தில் எட்டுப் பேரே பெரிது. அந்த எண்ணை வேறு கடையிலிருந்து கடன் வாங்கக் கூடாது. இந்தக் கடையிலேயே அளக்க வேண்டும்.

அளப்பது கடினமில்லை. கூட்டமான நேரத்தில் ஒரு நல்ல சப்ளையரின் பின்னால் கைக்கடிகாரத்தோடு நின்று, ஒரு மேசைக்கு அவர் செலவிடும் நிமிடங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். இதுபோன்ற சைவ உணவகத்தில் நான் பார்த்த அளவில், மூன்று பேர் உள்ள மேசைக்கு வரவேற்று ஆர்டர் எடுக்க மூன்று நிமிடம், அடுப்படிக் கவுன்டரிலிருந்து மேசைக்கு மூன்று நான்கு நடையாகக் கொண்டுவர ஐந்து நிமிடம், மறு சாம்பார், சட்னி, பிறகு கேட்கும் காபி ஆகியவற்றுக்கு இரண்டு நிமிடம், பில் கொடுத்துச் சில்லறை திருப்ப மூன்று நிமிடம். மொத்தம் பதின்மூன்று. ஒரு மணி நேரத்தில் அறுபது நிமிடமும் ஒருவர் ஓட முடியாது. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் கணக்கில் எடுத்தால் அந்த மனிதர் தட்டைக் கீழே போடுவார். 45ஐ 13ஆல் வகுத்தால் ஏறத்தாழ மூன்றரை மேசை. நபர்க் கணக்கில் பத்துப் பேர்தான்.

ஆகவே உச்ச நேரத்துக்கு 24ஐ மூன்றரையால் வகுத்தால் ஏழு பேர். மாலை ஐந்து மணிக்கு 11 மேசை. நான்கு பேர் தாராளம்.

ஆனால் இதுவும் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. சராசரி என்றால் ஏறத்தாழ பாதிச் சனிக்கிழமைகளில் அதைவிட அதிகக் கூட்டம் வந்திருக்கும். எட்டு வாரத்தின் எண்களைத் தனித்தனியாக வைத்து, அவற்றில் இரண்டாவது பெரிய எண்ணுக்கு ஆள் வையுங்கள் என்பது என் பழக்கம். மிகப் பெரியதை விட்டுவிடுகிறேன். அது பெரும்பாலும் ஏதோ திருவிழா நாளாக இருக்கும். கணினி அட்டவணையில் ஒரு மணி நேரத்தின் எட்டு எண்களும் B2 முதல் B9 வரை இருந்தால் இது போதும்:

```
=LARGE(B2:B9,2)/3.5
```

---

நேருவீதி_சைவம் எழுதியது:

கேப்டன் ஐயா, மிக்க நன்றி. நேற்று இரவு இயந்திரத்திலிருந்து எட்டு வாரத்தையும் பிரித்தெடுத்து, ஒவ்வொரு பில்லையும் நாற்பது நிமிடம் பின்னால் தள்ளிப் பார்த்தேன். ஜூலை 5 முதல் ஆகஸ்ட் 23 வரை உள்ள சனிக்கிழமைகள்.

மாலை 6–7 மணிக்கு வந்தவை, சிறியதிலிருந்து பெரியதாக: 11, 13, 15, 16, 17, 19, 21, 24. சராசரி 17தான். ஆனால் இரண்டாவது பெரியது 21. மூன்றரையால் வகுத்தால் சரியாக ஆறு பேர் வருகிறது. அந்த 24 ஆகஸ்ட் 16ஆம் தேதி. வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், சனிக்கிழமை நம் ஊரில் சட்டப்பூர்வ பரிமாற்ற நாள் விடுமுறை, அடுத்து ஞாயிறு. சென்னைக் கூட்டம் முழுவதும் இங்குதான் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் 7–8 மணிக்கு எண்கள் இப்படி இருக்கின்றன: 20, 21, 22, 23, 23, 24, 25, 26. ஆறு மணிக்கு இருக்கும் ஏற்ற இறக்கம் ஏழு மணிக்கு இல்லை. முதலில் என் கூட்டம் நிலையாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். பிறகுதான் நீங்கள் சொன்னது உறைத்தது. கூட்டம் நிலையாக இல்லை, மேசைதான் தீர்ந்துவிடுகிறது.

25ஐ மூன்றரையால் வகுத்தால் 7.1 வருகிறது. எட்டு என்று எடுப்பதா, ஏழு என்று விடுவதா?

---

பழைய_கேப்டன் எழுதியது:

ஏழு சப்ளையர் வைத்துக்கொண்டு, எட்டாவது ஆளை மேசை துடைக்கும் கிளீனராக வையுங்கள். உச்ச நேரத்தில் உங்களுக்குக் குறைவது மேசை. எட்டாவது சப்ளையர் மேசையை உருவாக்க மாட்டார். காலியான மேசை நான்கு நிமிடம் எச்சில் தட்டோடு கிடப்பதை இரண்டு நிமிடமாக்கினால் மணிக்கு ஒரு குடும்பம் கூடுதலாக அமரும். அதிகம் இல்லைதான்; ஆனால் வாசலில் நிற்பவர் கண்ணில் எச்சில் மேசை படாமல் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

நேரத்தை இப்படி வைக்கலாம். மூன்று மணிக்கு வரும் நான்கு பேர் பதினொன்று வரை நேர் ஷிப்ட். ஆறு மணிக்கு இருவர். ஏழாமவரும் கிளீனரும் ஏழு மணிக்கல்ல, ஆறே முக்காலுக்கே வந்து சீருடை மாற்றித் தயாராக இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வருவோர் குறைந்தாலும் உடனே ஆளை விடாதீர்கள்; எட்டரைக்கு அமர்ந்தவர்களின் பில் வேலை ஒன்பதுக்கு மேல்தான் வரும். ஒன்பதரை வரை ஏழு, பத்தரை வரை ஐந்து அல்லது ஆறு, பிறகு மூடும் வேலைக்கு நான்கு.

அத்துடன் ஒரு சோதனையும் செய்யுங்கள். ஏழரை மணியளவில் இருபது ஆர்டர் டோக்கன்களிலும், எட்டேகால் அளவில் இருபது டோக்கன்களிலும் மூன்று நேரங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: ஆர்டர் எடுத்த நேரம், பதார்த்தம் கவுன்டருக்கு வந்த நேரம், மேசைக்குப் போன நேரம். தோசை கவுன்டரில் ஆறிக்கொண்டிருந்தால் சப்ளையர் போதவில்லை. சப்ளையர் கவுன்டரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அடுப்படி போதவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஆள் சேர்த்த பல முதலாளிகளை நான் அறிவேன்.

---

வில்லியனூர்_சப்ளையர் எழுதியது:

நான் இந்தத் தொழிலில் சப்ளையராகப் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். கணக்கெல்லாம் சரி. ஆனால் அந்த "பிரேக் ஷிப்ட்" என்ற சொல்லை எல்லாரும் எளிதாகக் கடந்துபோகிறீர்கள் ஐயா.

காலை பத்தரைக்கு வந்து மூன்றரைக்கு முடித்து, மறுபடியும் ஆறே முக்காலுக்கு வந்து பத்துக்கு முடிப்பவரின் வேலை எட்டேகால் மணி நேரம் என்று உங்கள் தாளில் இருக்கும். அவர் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. இடையில் உள்ள மூன்றேகால் மணி நேரத்தில் வில்லியனூர் போய் வரப் பேருந்துக்கே ஒரு மணி நேரம் போய்விடும் என்பதால் பலர் கடையின் மாடியிலேயே அட்டை விரித்துப் படுக்கிறார்கள். ஏழரை மணிக் கூட்டத்துக்கு அப்படிப்பட்டவரைத்தான் நீங்கள் ஓடச் சொல்கிறீர்கள். அவரால் மணிக்கு மூன்றரை மேசை முடியாது. அந்த எண்ணை நேர் ஷிப்டில் உள்ளவரை வைத்து அளந்திருப்பீர்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பிரேக் முடிந்து வருபவர்களுக்கு இப்படி நேரத்தை முன்னால் இழுத்தார்கள். ஆனால் இரவு விடும் நேரத்தை முன்னால் இழுக்கவில்லை. மூன்று மாதத்தில் நான்கு பேர் போய்விட்டோம்.

---

நேருவீதி_சைவம் எழுதியது:

நீங்கள் சொல்வது எனக்குச் சுடுகிறது, ஆனால் நியாயமானது. அந்த இருவரையும் எட்டிலிருந்து ஆறே முக்காலுக்கு இழுக்கத்தான் நினைத்திருந்தேன்; விடும் நேரத்தைப் பற்றி நினைக்கவில்லை. ஒன்பதரைக்கு ஆள் தேவை குறைகிறது என்பதால் அவர்களை ஒன்பதரைக்கே அனுப்பிவிட முடியும். சனி, ஞாயிறு மாலைக்கு மட்டும் கல்லூரி மாணவர்கள் இருவரை ஆறு முதல் பத்து வரை வைத்தால் பிரேக் ஷிப்டே தேவையில்லையோ என்றும் தோன்றுகிறது.

---

பழைய_கேப்டன் எழுதியது:

மாணவர்களை வைக்கலாம், ஆனால் முதல் ஆறு வாரத்துக்கு ஒருவரை அரை ஆளாகத்தான் எண்ண வேண்டும். ஆனியன் ரவாவுக்கும் ரவா ஆனியனுக்கும் தனித்தனி டோக்கன் போடுவார்கள். தண்ணீர், சட்னி வாளி, மேசை துடைத்தல் ஆகியவற்றை அவர்களிடம் விட்டு, ஆர்டரையும் பில்லையும் பழைய ஆட்களிடம் விட்டால் பழையவரின் பதின்மூன்று நிமிடம் பத்தாகக் குறையும். அந்த வழியில்தான் அவர்களால் லாபம்.

பிரேக் ஷிப்ட் பற்றித் தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம், இரவுக் கூட்டம் என்று இரண்டு மலைகள் உள்ள கடையில் நேர் ஷிப்ட் மட்டும் வைத்தால் இடையில் உள்ள நான்கு மணி நேரத்துக்கும் ஆள் சும்மா இருப்பார். அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இருந்ததில்லை.

---

வில்லியனூர்_சப்ளையர் எழுதியது:

சும்மா இருக்க மாட்டோம் ஐயா. வெங்காயம் உரிப்பதும், மறுநாளைக்கு டப்பா மடிப்பதும், மின்விசிறி துடைப்பதும் இன்றைக்கு இரவு பதினொன்றுக்கு மேல் செய்கிறோம். அதையெல்லாம் மாலை நான்கு மணிக்கு நகர்த்துங்கள்.

---

திருப்பாதிரிப்புலியூர்_மெஸ் எழுதியது:

எங்கள் கடை கடலூரில் இருபத்துநான்கு இருக்கை கொண்ட சிறிய சைவ மெஸ். எங்களுக்குச் சனிக்கிழமை இரவு கூட்டமே கிடையாது. காலையில்தான் கூட்டம்; அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமையில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்குப் போய் வருபவர்கள் ஒன்பது மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். என் மனைவி, மைத்துனர், நான், ஒரு பையன் ஆகிய நான்கு பேர்தான் எப்போதும். எங்களுக்கு ஆள் கணக்கு என்பதே இல்லை; பொங்கல் தீர்ந்தால் கடையை மூடுவோம்.

இருந்தாலும் ஒன்று கேட்க விரும்புகிறேன். நீங்கள் எடுத்த எட்டு வாரமும் ஜூலை, ஆகஸ்ட். இந்த மாத நடுவில் புரட்டாசி பிறக்கிறது. கறி மீன் தொடாத குடும்பங்கள் எல்லாம் அந்த மாதம் சைவக் கடைக்குத்தான் வருவார்கள். உங்கள் சராசரி அப்போது எப்படிச் செல்லும்?

---

பழைய_கேப்டன் எழுதியது:

மிகச் சரியான கேள்வி. அதற்குச் சென்ற ஆண்டின் புரட்டாசிச் சனிக்கிழமைகளின் பில்லை எடுத்து, அதே ஆண்டின் ஆவணிச் சனிக்கிழமைகளோடு ஒப்பிட்டு, எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். அந்த மடங்கை இந்த ஆண்டின் எண்ணோடு பெருக்கலாம். ஏழு மணிக்கு மேல் மேசை ஏற்கெனவே தீர்ந்துவிடுவதால் அங்கே எண் ஏறாது. ஏறப்போவது ஆறு மணியும், ஒன்பதரைக்கு மேலும், பார்சலும்தான். பார்சல் கவுன்டருக்குத் தனி ஆள் இல்லாத கடைகளில் ஒரு சப்ளையரை அங்கே இழுத்துவிடுவார்கள். பிறகு கூடத்தில் ஏழு என்று நினைத்தது ஆறாகிவிடும்.

---

நேருவீதி_சைவம் எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பின்):

இரண்டு சனிக்கிழமைகள் புதிய நேரத்தில் நடத்திப் பார்த்தேன். இரண்டாவது புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஐந்து மணிக்கு நான்கு பேர், ஆறுக்கு ஆறு பேர், ஆறே முக்காலிலிருந்து ஏழு பேரும் கூடுதல் கிளீனரும். பிரேக்கில் போய் வருபவர்களை ஒன்பதரைக்கு அனுப்பிவிடுகிறேன். முன்பு மாலை ஐந்து முதல் பதினொன்று வரை 42 ஆள்மணி நேரம் ஆனது; இப்போது கிளீனரையும் சேர்த்து 37 அளவில் முடிகிறது. ஏழரை மணிக்குக் கல்லாவுக்கு வந்து கத்துபவர்கள் இல்லை. ஏழு முதல் எட்டு வரையிலான பில் 19இலிருந்து 22ஆக உயர்ந்தது.

டோக்கன் சோதனையையும் செய்தேன். முன்பு தோசை கவுன்டரில் நான்கு நிமிடம் காத்திருந்தது. இப்போது ஒரு நிமிடம். அதுவரை மகிழ்ச்சி. ஆனால் எட்டேகால் மணி டோக்கன்களில் வேறு ஒன்று தெரிந்தது. ஆர்டர் கொடுத்ததிலிருந்து தோசை கவுன்டருக்கு வர ஏழரை மணிக்கு ஒன்பது நிமிடம் ஆனது, எட்டேகாலுக்குப் பதினேழு நிமிடம் ஆகிறது. மூன்று சப்ளையர்கள் நீங்கள் சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு கவுன்டரில் நின்றார்கள். எட்டு முதல் ஒன்பது வரை வந்த தோசை டோக்கன் 63; என் மாஸ்டர் போட்டது 48. ஒரு கல்லில் நான்கு தோசை, சாதா தோசைக்கு மூன்று நிமிடம் என்றால் மணிக்கு எண்பது போடலாமே என்று கேட்டேன். நெய் ரோஸ்ட்டும் ஊத்தப்பமும் கல்லை அடைத்துக்கொண்டு கிடக்கும்போது எண்பது எப்படி வரும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இதனால் எட்டு மணிக்கு அமர்ந்தவர்கள் நாற்பது நிமிடத்துக்குப் பதில் ஐம்பது நிமிடம் அமர்கிறார்கள். ஒன்பது முதல் பத்து வரையிலான பில் 24இலிருந்து 22ஆகக் குறைந்துவிட்டது. முன்பு சப்ளையர் தாமதமாக ஆர்டர் எடுத்ததால் அடுப்படிக்கு மெதுவாகச் சென்ற டோக்கன் இப்போது மொத்தமாகப் போய் விழுகிறது.

---

கணக்கு_நோட்டு எழுதியது:

அப்படியானால் எட்டு மணிக்கு ஒரு சப்ளையரைக் குறைத்துவிடலாமே. அவர்கள் நிற்கத்தானே செய்கிறார்கள்?

---

பழைய_கேப்டன் எழுதியது:

குறைக்கலாம், ஆனால் குறைத்தால் பழைய நிலைக்குத் திரும்புவீர்கள், தோசை கவுன்டரில் ஆறும். மணிக்கு 63 கேட்கிறார்கள், 48 வருகிறது என்றால் ஒரு மணி முடிவில் பதினைந்து தோசை பாக்கி. அதை முடிக்கவே இன்னும் பத்தொன்பது நிமிடம் வேண்டும். பாக்கி ஏறும் இடம் கல்தான். சப்ளையருக்கு வைத்த அதே கணக்கைத் தோசைக் கல்லுக்கும் வையுங்கள். இரண்டாவது கல் இருந்தால் ஏழே காலிலிருந்து ஒன்பதரை வரை மட்டும் இன்னொரு மாஸ்டர்.

---

நேருவீதி_சைவம் எழுதியது:

பரோட்டாக் கல் எட்டு மணிக்குப் பாதி சும்மாதான் இருக்கிறது. ஆனால் தோசை மாஸ்டர் ஒருவரின் ஒரு நாள் கூலி இரண்டு சப்ளையர் சம்பளத்தைவிட அதிகம்; இரண்டே கால் மணி நேரத்துக்கு எந்த மாஸ்டரும் வர மாட்டார்.

---

பந்தி_அக்கா எழுதியது:

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தெரியும். பரோட்டா மாஸ்டருக்கு ஊத்தப்பம் போடத் தெரியாதா? ஊத்தப்பத்தையும் செட் தோசையையும் அந்தக் கல்லுக்கு மாற்றிவிட்டால் தோசைக் கல்லில் சாதாவும் ரோஸ்ட்டும் மட்டும் ஓடும். கல் மட்டும் தனியாகத் துடைத்துப் பழக்க வேண்டும். முதல் நாள் ஒட்டும்.

---

வில்லியனூர்_சப்ளையர் எழுதியது:

எங்கள் பங்குக்கு ஒன்று செய்ய முடியும். எட்டு மணிக்கு மேல் ஆர்டர் எடுக்கும்போது "இடியாப்பம் சூடாக இருக்கிறது, உடனே வரும், ரோஸ்ட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும்" என்று உண்மையைச் சொன்னால் குழந்தையோடு வருபவர்களில் பலர் மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் கல்லில் எத்தனை டோக்கன் பாக்கி என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். மாஸ்டர் எங்களிடம் சொல்ல மாட்டார், கேட்டால் கோபப்படுவார்.

---

நேருவீதி_சைவம் எழுதியது:

டோக்கன் குத்தும் கம்பியைக் கவுன்டருக்கு இந்தப் பக்கம், சப்ளையர் கண்ணில் படும்படி மாற்றி வைத்திருக்கிறேன். பரோட்டா மாஸ்டரிடம் ஊத்தப்பம் பற்றிக் கேட்டேன். கூலி கூட்டினால் யோசிக்கிறேன் என்கிறார். வரும் சனிக்கிழமை வாசலில் ஒரு பையனை நிறுத்தி, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களையும் கால் மணிக்கு ஒருமுறை எண்ணச் சொல்லியிருக்கிறேன். அந்த எண் வந்த பிறகு கூலியைப் பற்றிப் பேசுகிறேன்.